வெளிநாட்டில் மடிக்கணினி தொலைந்தால்: காப்பீட்டுத் தாளில் மாணவர்கள் படிக்க வேண்டிய பக்கங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் செப்டம்பர் சேர்க்கைக்குப் பிரிட்டன் புறப்படும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், கோயம்புத்தூர் முகவர் கொடுத்த காப்பீட்டுத் தாள்களுடன் பெற்றோர் சிலர் என்னிடம் வருவார்கள். நான் வடக்கு இங்கிலாந்தில் முதுகலை படித்துத் திரும்பியவள் என்பதால், "எல்லாம் இதில் இருக்கிறதா, பார்த்துச் சொல்லம்மா" என்று கேட்பார்கள். முகவர் முதலில் காட்டுவது மருத்துவச் செலவுத் தொகையைத்தான். ஆனால் பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு மாணவர் விசா எடுப்பவர்கள், அரசு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டணத்தை விண்ணப்பத்தின்போதே கட்டிவிடுகிறார்கள். ஆகவே அங்கே போகிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டியவை, பெரும்பாலும் யாரும் புரட்டாத பின்பக்கங்கள்தான்: உடைமை, மடிக்கணினி, பயணத் தடங்கல்.

அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பொருள் தொலைந்ததற்காக மட்டும் காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதில்லை. தொலைந்தபோது பொருள் எந்த இடத்தில் இருந்தது, யாருடைய பொறுப்பில் இருந்தது, அந்தத் தேதியில் காப்பீடு நடப்பில் இருந்ததா என்ற மூன்றும் பொருந்தினால்தான் தரும். விலை, ரசீது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

லீட்ஸில் படித்த எங்கள் பகுதி மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது தெளிவாகும். அவர் பல்கலைக்கழக நூலகத்தில் மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு, கீழ்த்தளத்துக்குச் சென்று அச்சுப்பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். வந்து பார்த்தபோது மின்கம்பி மட்டும் கிடந்தது. எழுபத்திரண்டாயிரம் ரூபாய்க் கணினி அது. அவரிடம் மூன்று பாதுகாப்புகள் இருந்தன: இந்தியாவில் எடுத்த மாணவர் பயணக் காப்பீடு, வாடகையோடு சேர்த்து விடுதி நிர்வாகமே எடுத்திருந்த பொதுக் காப்பீடு, கணினி வாங்கும்போது கூடுதலாகப் பணம் கொடுத்துப் பெற்ற நீட்டித்த உத்தரவாதம். மூன்றும் கைவிட்டன. ஒவ்வொன்றும் சொன்ன காரணம் வேறு.

இந்தியக் காப்பீட்டில் 'பொருள் இழப்பு' என்று தலைப்பிட்டிருந்த பிரிவு, விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டிக்கு மட்டுமே உரியது. ஒப்படைத்த நேரம் முதல் திரும்பப் பெறும் நேரம் வரைதான் அதன் ஆயுள். நூலக மேசை அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. பெட்டிக்குள்ளேயே கணினியை வைத்து அனுப்பியிருந்தாலும் பயனில்லை. இவ்வகைக் காப்பீடுகள் பலவற்றில் கணினி, கேமரா, கைப்பேசி, நகை ஆகியவை 'விலையுயர்ந்த பொருட்கள்' என்று தனியே வரையறுக்கப்பட்டு, பெட்டி இழப்புப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். மடிக்கணினிக்கென்று தனிப் பிரிவு உள்ள திட்டங்களும் உண்டு. அட்டவணையில் அந்தப் பெயரில் ஒரு வரியும் அதற்கு நேராக ஒரு தொகையும் இல்லையென்றால், இல்லை என்றே கொள்ள வேண்டும்.

விடுதிக் காப்பீடு, அறைக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும் பொறுப்பேற்றிருந்தது. அதுவும் பூட்டை உடைத்தோ சன்னலை நெம்பியோ பலவந்தமாக நுழைந்ததற்கான அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம். கதவைச் சாத்தாமல் குளிக்கப் போன நேரத்தில் யாராவது எடுத்துச் சென்றால் அந்த அடையாளம் இருக்காது, ஆகவே பணமும் இராது. பொதுச் சமையலறை அறையாகக் கணக்கிடப்படுகிறதா என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறும். நீட்டித்த உத்தரவாதமோ கீழே விழுதல், திரை உடைதல் போன்ற சேதத்துக்கானது. திருட்டு அதில் தொடக்கத்திலிருந்தே இல்லை.

அறைக்கு வெளியிலும் பாதுகாப்புத் தரும் கூடுதல் திட்டத்தை அவர் வாங்கியிருந்தால் கிடைத்திருக்குமா என்று அவருடைய தந்தை என்னிடம் கேட்டார். அநேகமாகக் கிடைத்திருக்காது என்பதே என் கருத்து. அத்தகைய திட்டங்களிலும் 'பொது இடத்தில் கவனிப்பாரின்றி விட்ட பொருள்' என்ற விலக்கு இருக்கும். கோரிக்கைப் படிவத்திலேயே, பொருள் எடுக்கப்பட்டபோது நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள், அதைப் பார்க்க முடிந்ததா, தடுத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். பக்கத்து மேசை நண்பரிடம் சொல்லிவிட்டுப் போனதைக் கவனிப்பு என்று எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. காவல் துறையிடம் ஒன்றும் படிவத்தில் வேறொன்றும் எழுதித் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நூலகத்தின் கண்காணிப்புப் பதிவும் காவல் துறையின் குற்றப் பதிவு எண்ணும் ஒப்பிடப்படும். பொய் தெரிந்தால் கோரிக்கை மறுக்கப்படுவதோடு, பின்னாளில் வேறு காப்பீடு எடுப்பதும் கடினமாகும்.

அப்படியென்றால் கூடுதல் திட்டத்தால் என்ன பயன்? அதே விடுதியில் இருந்த அந்த மாணவரின் தோழி அத்திட்டத்தை எடுத்திருந்தார். பொதுச் சமையலறையில் அவருடைய கணினிமீது தேநீர் கொட்டிவிட்டது. பழுதுபார்க்கும் கடையின் மதிப்பீடு 340 பவுண்டு. அவர் பங்காகக் கட்ட வேண்டிய முதல் 50 பவுண்டைக் கழித்து, 290 பவுண்டு கிடைத்தது. தற்செயல் சேதம், பூட்டிய அறைக்குள் உடைத்துப் புகுந்த திருட்டு, தெருவில் கையிலிருந்து பறித்தல் ஆகிய மூன்றுக்கும் அத்திட்டம் உண்மையிலேயே உதவும். கணினியில் இருந்த ஆய்வறிக்கையை மீட்க ஆன செலவை அது தரவில்லை. தகவல் இழப்பை ஈடுசெய்யும் சாதாரணத் திட்டம் எதையும் நான் இதுவரை படித்ததில்லை. புதிய கணினியின் விலையைத் தருவார்களா, தேய்மானத்தைக் கழிப்பார்களா என்பதையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். மூன்றாண்டு பழைய கணினிக்குத் தேய்மானம் கழித்து, அதன்மேல் அந்த 50 பவுண்டையும் கழித்தால், மிச்சம் பிரீமியத் தொகையை ஒட்டியே வந்து நிற்கலாம். அப்படிப்பட்ட கணினிக்குத் திட்டம் வாங்காமல் இருப்பதே நல்லது.

உரிமையை மெய்ப்பிப்பதில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கணினி வாங்கிய ரசீது பெரும்பாலும் அப்பாவின் பெயரில் இருக்கும், கடவுச்சீட்டில் பிள்ளையின் பெயர் வேறு வடிவில் இருக்கும். அங்குள்ள அலுவலருக்கு இவை இரண்டும் ஒரே குடும்பம் என்பது தெரியாது. ஆகவே வாங்கும்போதே ஜி.எஸ்.டி. ரசீதைப் பிள்ளையின் கடவுச்சீட்டுப் பெயரில் போடச் சொல்லுங்கள். கணினியின் அடிப்புறத்திலும் பெட்டியிலும் உள்ள தொடர் எண்ணைப் படமெடுத்து, அந்தக் கணினியிலேயே வைக்காமல் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக் காலத்தையும் கவனிக்க வேண்டும். விடுதிக் காப்பீடு ஒப்பந்தத் தேதியோடு முடிந்துவிடும். கோடையில் ஊருக்கு வரும் பிள்ளைகள் பெட்டிகளை நண்பர் வீட்டில் அடுக்கிவிட்டு வருவார்கள். அந்த வாரங்களில் அப்பொருட்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

இனிப் பெட்டி விஷயம். நான் கொச்சி நெடும்பாச்சேரி விமான நிலையத்திலிருந்து வளைகுடா வழியாக மான்செஸ்டர் போய்ச் சேர்ந்தபோது என் பெட்டி வரவில்லை. சுங்கப் பகுதியைத் தாண்டி வெளியே போகும் முன், பெட்டி விசாரணை மேசையில் புகார் பதிவு செய்து, பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் பதிவுத் தாளையும் அதிலுள்ள எண்ணையும் வாங்கிக்கொண்டேன். அந்தத் தாள் இல்லாமல் விமான நிறுவனத்திடமோ காப்பீட்டாரிடமோ பேச்சே தொடங்குவது கடினம். என் திட்டத்தில் பெட்டி 12 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால்தான் பணம். அதுவும் பற்பசை, உள்ளாடை, ஒரு ஸ்வெட்டர் போன்ற அவசியப் பொருட்களுக்கு ரசீதோடு மட்டுமே. தாமத நேரத்தைக் குறிப்பிட்டு விமான நிறுவனம் தந்த கடிதத்தையும் கேட்டார்கள். இத்தகைய தாமதப் பிரிவு பெரும்பாலும் வெளிநாடு போகும் வழிக்கு மட்டுமே உரியது. ஊர் திரும்பும் வழியில் பெட்டி தாமதித்தால் ஒன்றும் வராது.

பெட்டி அடியோடு தொலைந்தால் கணக்கு இன்னும் சுருங்கும். இந்தியத் திட்டங்களில் பரவலாகக் காணப்படும் உள்வரம்புகளின்படி, ஒரு பெட்டிக்கு மொத்தத் தொகையில் பாதியும், ஒரு பொருளுக்குப் பத்தில் ஒரு பங்கும்தான் உச்சம். அட்டவணையில் 500 டாலர் என்று போட்டிருந்தால், ஒரு பெட்டிக்கு 250 டாலர், அதற்குள் இருந்த குளிர்கால மேலங்கிக்கு 50 டாலர். பெட்டி வந்து, அதிலிருந்து சில பொருட்கள் மட்டும் காணாமல் போயிருந்தால், அது பகுதி இழப்பு என்று விலக்கப்படும்.

ஆகவே பெட்டிக்கு முதலில் கேட்க வேண்டியது விமான நிறுவனத்தைத்தான். இந்தியாவும் பிரிட்டனும் ஏற்றுள்ள 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, ஒரு பயணியின் பெட்டிகளுக்கான பொறுப்பு, பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகில் 1519 எஸ்.டி.ஆர். வரை, அதாவது சுமார் 2000 டாலர் வரை உண்டு. அந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் உள்ளது. அது உச்ச வரம்புதான். உண்மையான இழப்பை நாம் காட்ட வேண்டும். சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாளாகியும் பெட்டி வராவிட்டால் அதைத் தொலைந்ததாகவே கருதி உரிமை கோரலாம். விமான நிறுவனம் தந்த தொகையைக் காப்பீட்டார் தம் பங்கில் கழித்துக்கொள்வார்.

பயணத் தடங்கலில் விடுபடுபவை பல. நம் பக்கத்துக்கு நெருக்கமானவற்றை மட்டும் சொல்கிறேன். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தால் கொச்சி விமான நிலையம் 15ஆம் தேதி முதல் 29ஆம் தேதி வரை மூடப்பட்டது, செப்டம்பர் சேர்க்கைக்குப் பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில். அத்தகைய நிகழ்வு தெரியவந்த பிறகு எடுத்த காப்பீடு, அதனால் வந்த ரத்துக்குப் பணம் தராது. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே ரத்துப் பிரிவு உள்ள திட்டத்தையும் எடுத்துவிடுவது நல்லது. விலை குறைவென்று கோயம்புத்தூரிலிருந்து மும்பைக்கு ஒரு சீட்டும், மும்பையிலிருந்து லண்டனுக்குத் தனிச் சீட்டுமாக எடுத்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிடுவதற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. இணைப்பு தவறுதல் என்ற பிரிவு உள்ள காப்பீடும் இடையில் குறைந்தபட்ச நேரம் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கும். விசா மறுக்கப்பட்டதால் ரத்தான பயணமும், தாமதமாகச் சேர்ந்ததால் தவறிய தேர்வும் கட்டணமும் பொதுவாக வெளியே விடப்பட்டவை.

விமானத் தாமதத்துக்குப் பிரிட்டன் சட்டம் தரும் இழப்பீடு, நீண்ட தூரப் பயணத்துக்கு 520 பவுண்டு வரை, காப்பீட்டிலிருந்து வேறானது. பிரிட்டனிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அது பொருந்தும். கொச்சியிலிருந்து வளைகுடா நிறுவனத்தில் அங்கே போகும்போது பொருந்தாது. மோசமான வானிலை போன்ற அசாதாரணக் காரணமானால் தொகை கிடையாது, உணவும் தங்குமிடமும் உண்டு.

கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். இந்திய நிறுவனமானால் முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி ஒரு மாதம் பொறுத்து, பிறகு காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். பாலக்காடு மாவட்டத்தில் வசிப்போர் கொச்சி அலுவலகத்துக்கு அனுப்பலாம். பாலிசியைக் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும் வசிப்பிடத்தை வைத்து அங்கே ஏற்பார்கள். மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும்.