பாரா ஜம்பிள்ல முதல் வாக்கியத்தைத் தேடாதீங்க, ஜோடியைத் தேடுங்க

பேங்க் எக்ஸாம், எஸ்எஸ்சி ரெண்டுக்கும் தயார் பண்ற தமிழ் மீடியம் பசங்க இங்கிலீஷ் செக்‌ஷன்ல முதல்ல கைவிடுற கேள்வி, கலைச்சுப் போட்ட வாக்கியங்களை சரியான வரிசையில அடுக்கச் சொல்ற பாரா ஜம்பிள்தான். எனக்கு இதுல வருத்தம் என்னன்னா, அந்த செக்‌ஷன்லயே வொகாபுலரி கம்மியா தேவைப்படுற கேள்விகள்ல இதுவும் ஒண்ணு. நானும் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்தான். கஷ்டமான வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமலே சரியா அடுக்க முடியும், ஏன்னா எந்த வாக்கியம் எதுக்குப் பின்னாடி வரணும்னு சொல்றது பெரும்பாலும் ஹீ, தே, திஸ், தட், ஹவெவர் மாதிரி சின்னச் சின்ன வார்த்தைங்கதான், அதெல்லாம் நமக்கு ஆறாம் கிளாஸ்லயே தெரியும்.

கோச்சிங்ல வழக்கமா சொல்றது "ஓப்பனிங் சென்டன்ஸைக் கண்டுபிடி, அப்புறம் தானா வரும்"னு. எனக்கு அது அவ்வளவா உதவல. ஓப்பனிங் கிடைச்சாலும் மிச்சம் இருக்கிற வாக்கியங்கள் அப்படியே குழம்பித்தான் கிடக்கும். நாலு வாக்கியத்தை 24 விதமா அடுக்கலாம், அஞ்சுன்னா 120, ஆறுன்னா 720. ஆனா "இது கண்டிப்பா அதுக்குப் பின்னாடி ஒட்டித்தான் வரணும்"னு ஒரே ஒரு ஜோடி உறுதியாச்சுன்னா, அந்த ரெண்டும் ஒரே கட்டி ஆயிடும், ஆறு வாக்கியம் அஞ்சாயிடும், 720 ஒரே அடியில 120 ஆயிடும். இன்னொரு ஜோடி கிடைச்சா 24. அதனால ஓப்பனிங்கைத் தேடுறதுக்கு முன்னாடி ஜோடியைத் தேடுறதுதான் என் வழி.

ஒரு கேஸ் போட்டுப் பார்ப்போம். எக்ஸாம்ல இங்கிலீஷ்ல வரும், இங்க முறை புரியுறதுக்காக தமிழ்லயே எழுதுறேன்.

1. இருந்தாலும் அந்தப் பொருளை மருந்தா பயன்படுத்துற அளவுக்கு சுத்தமா பிரிச்சு எடுக்க அவரால முடியல.
2. 1928-ல லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில வேலை பார்த்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், லீவு முடிஞ்சு திரும்பினப்போ, பாக்டீரியா வளர்த்த ஒரு தட்டுல பூஞ்சை படிஞ்சிருக்கிறதைப் பார்த்தார்.
3. அவங்க ரெண்டு பேரும் 1945-ல ஃப்ளெமிங்கோட சேர்ந்து நோபல் பரிசு வாங்கினாங்க.
4. அந்தப் பூஞ்சையைச் சுத்தி மட்டும் பாக்டீரியா வளரவே இல்ல.
5. சுமார் பத்து வருஷம் கழிச்சு அந்த வேலையை ஆக்ஸ்ஃபோர்டுல ஹோவர்ட் ஃப்ளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் கையில எடுத்தாங்க.
6. இதை வச்சு, பூஞ்சையில இருந்து ஏதோ ஒரு பொருள் வெளிவந்து பாக்டீரியாவை அழிக்குதுன்னு அவர் முடிவு பண்ணி, அதுக்கு பெனிசிலின்னு பேர் வச்சார்.

முழுசா ஒரு தடவை வேகமா படிச்சுட்டு நான் முதல்ல பார்க்கிறது, எந்த வாக்கியம் முன்னாடி இன்னொண்ணு இல்லாம நிக்கவே முடியாதுன்னு. மூணாவதைப் பாருங்க, "அவங்க ரெண்டு பேரும்". யாரு அந்த ரெண்டு பேர்? ஆறு வாக்கியத்துல ரெண்டு பேர் ஜோடியா வர்றது அஞ்சாவதுல மட்டும்தான். அப்போ 5-3 உறுதி. படிச்ச உடனே கிடைக்கிற ஜோடி இது, ரஃப் ஷீட்ல எழுதி வச்சுடணும்.

அடுத்தது அஞ்சாவதுல "அந்த வேலை". எந்த வேலை? இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க, ஏன்னா "வேலை"ங்கிற வார்த்தை ரெண்டாவதுலயும் இருக்கு, மருத்துவமனையில வேலை பார்த்தார்னு. கண்ணு உடனே அங்க போகும். ஆனா ஒரே வார்த்தை ரெண்டு இடத்துல இருக்கிறது லிங்க் ஆகாது, பொருள் பொருந்தணும். அதுக்கு நான் பண்ற டெஸ்ட் ஒண்ணுதான்: சுட்டுற வார்த்தையைத் தூக்கிட்டு, அது எதைச் சொல்லுதுன்னு நினைக்கிறோமோ அதை முழுசா அந்த இடத்துல வச்சுப் படிக்கிறது. "மருத்துவமனையில பார்த்த வேலையை ஆக்ஸ்ஃபோர்டுல ரெண்டு பேர் கையில எடுத்தாங்க", ஒட்டல. "சுத்தமா பிரிச்சு எடுக்கிற வேலையை கையில எடுத்தாங்க", கரெக்டா உட்காருது. அப்போ 1-5. ஏற்கனவே இருக்கிற 5-3 கூட சேர்த்தா 1-5-3 ஒரு கட்டி.

இப்ப ஒண்ணாவதுக்கு முன்னாடி எது? "இருந்தாலும்"னு ஆரம்பிக்குது, இங்கிலீஷ்ல ஹவெவர். இதுல ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசைப்படுறேன். கனெக்டர் உறவை மட்டும்தான் சொல்லும், விலாசத்தைச் சொல்லாது. ஹவெவர்னா முன்னாடி ஏதோ ஒண்ணுக்கு எதிரா போகுதுன்னு தெரியும், ஆனா "கண்டுபிடிச்சார்"ங்கிற மாதிரி பாசிட்டிவா இருக்கிற வாக்கியம் பாராவுல நாலு இருந்தா எதுக்கு எதிர்னு அது சொல்லாது. விலாசம் ப்ரோநவுன்ல இருக்கும். இங்க "அந்தப் பொருள்". பொருள்னு ஒண்ணு அறிமுகம் ஆகுறது ஆறாவதுல மட்டும்தான், அதுவும் "ஏதோ ஒரு பொருள்"னு. ஆக 6-1. கனெக்டரும் பொருந்துதான்னு ஒரு செக்: கண்டுபிடிச்சு பேரும் வச்சார், இருந்தாலும் பிரிச்சு எடுக்க முடியல. பொருந்துது. கனெக்டரை வச்சு மட்டும் ஒரு ஜோடியை முடிவு பண்ணாதீங்க, ப்ரோநவுனோ நவுனோ அதுக்கு ஒத்துக்கணும்.

6-1-5-3 வந்தாச்சு, மிச்சம் 2-ம் 4-ம். "அந்தப் பூஞ்சை"க்கு ரெண்டாவதுல பூஞ்சை இருக்கு, ஆக 2-4. இங்க ஒரு சந்தேகம் வரலாம், 2-க்கு அடுத்து நேரா 6 வந்து அப்புறம் 4 வரக்கூடாதான்னு. ஆறாவதுல "இதை வச்சு"ன்னு இருக்கே, எதை வச்சு முடிவு பண்ணார்? தட்டுல பூஞ்சை படிஞ்சிருக்கிறதை மட்டும் வச்சு அது பாக்டீரியாவை அழிக்குதுன்னு யாரும் சொல்ல முடியாது, சுத்தி பாக்டீரியா வளராததைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதோட 6-1 ஏற்கனவே ஒட்டியாச்சு, நடுவுல 4 நுழைய இடமே இல்ல. ஆக 2-4-6-1-5-3. ஓப்பனிங் எதுன்னு நாம தேடவே இல்ல, கடைசியா தானா வந்து நின்னுச்சு.

இந்த திஸ் கொஞ்சம் தனி ரகம். ஹீ, ஷீ, தே வந்தா ஆளையோ பொருளையோ தேடினா போதும். திஸ் தனியா வந்தா பெரும்பாலும் முன்னாடி வாக்கியம் சொன்ன முழு விஷயத்தையும் சுட்டும், அதனால நவுனைத் தேடினா கிடைக்காது, என்ன நடந்துச்சுன்னு தேடணும். திஸ் கூட ஒரு நவுன் ஒட்டி வந்தா, திஸ் டிசிஷன், திஸ் ஃபெயிலியர் மாதிரி, வேலை ரொம்ப ஈஸி, ஏன்னா எழுதினவரே முன் வாக்கியத்துக்கு ஒரு பேர் வச்சுக் கொடுத்துட்டார். ஃபெயிலியர்னா முன்னாடி ஏதோ தோத்திருக்கணும். சச்-ம் இப்படித்தான், சச் மெஷர்ஸ்னு வந்தா அந்த நடவடிக்கை என்னென்னன்னு முன்னாடி ஒரு வாக்கியம் சொல்லியிருக்கும்.

பேரையும் கவனிங்க. ரெண்டாவதுல முழுப் பேரும் எங்க வேலை பார்த்தார்ங்கிறதும் சேர்ந்து வருது, அது அறிமுகம். மூணாவதுல வெறும் ஃப்ளெமிங். முழுப் பேர் முன்னாடி, சுருக்கம் பின்னாடி. ஆனா மூணாவதுல அவர்னு போடாம ஏன் பேரைத் திரும்பச் சொல்லணும்? நடுவுல ஃப்ளோரி, செயின்னு வேற பேர்கள் வந்துடுச்சு, அவர்னு போட்டா யாருன்னு குழப்பம் வரும். அதனால பேர் இருக்கிற வாக்கியம் எல்லாம் முன்னாடிதான் வரும்னு நினைக்காதீங்க, பின்னாடி வர்ற பேர் நடுவுல வேற ஆள் வந்ததுக்கும் அடையாளமா இருக்கலாம். எ, தி ரெண்டும் இதே மாதிரி உதவும், முதல் தடவை எ ஃபார்மர், அப்புறம் தி ஃபார்மர். சுருக்கப் பேர்ல மட்டும் கொஞ்சம் உஷார், ஆர்பிஐ மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சதை முழுப் பேர் சொல்லாமலே எழுதுவாங்க.

ஏமாத்துற இடங்களும் இருக்கு. தி பேங்க் ரெய்ஸ்டு இட்ஸ் ரேட்னு வந்தா, இட்ஸ் சுட்டுறது அதே வாக்கியத்துல இருக்கிற பேங்கை, அது வெளியில யாரையும் தேடல. ப்ரோநவுனைப் பார்த்ததும் முந்தின வாக்கியத்துக்கு ஓடாதீங்க, முதல்ல அதே வாக்கியத்துக்குள்ள ஆள் இருக்கான்னு பாருங்க. இட் இஸ் ட்ரூ தட்னு ஆரம்பிச்சா அந்த இட் எதையுமே சுட்டாது, அப்படி ஒரு வாக்கியம் தாராளமா ஓப்பனிங்கா வரலாம். அதே மாதிரி "தன்னோட சின்ன வயசுல"ங்கிற மாதிரி ஹிஸ் முன்னாடி வந்து, கமா போட்டு, ஆளோட பேர் பின்னாடி வரும், அதுவும் ஓப்பனிங் ஆகலாம்.

வருஷத்தை வச்சு வரிசைப்படுத்துற பழக்கமும் ஆபத்துதான். நம்ம உதாரணத்துல 1928, 1945 நேரா போச்சு. ஆனா நிறைய பாரா இன்னிக்கு நிலைமையைச் சொல்லி ஆரம்பிச்சு அப்புறம்தான் பழைய கதைக்குப் போகும். வருஷமும் ப்ரோநவுனும் முட்டிக்கிட்டா நான் ப்ரோநவுன் பக்கம்தான் நிப்பேன்.

எக்ஸாமுக்கு எக்ஸாம் இதைப் பயன்படுத்துற விதம் மாறும். எஸ்எஸ்சில நாலு ஆப்ஷன் கொடுத்துடுவாங்க, அங்க முழுசா அடுக்கவே வேணாம், உறுதியான ஒரு ஜோடி கிடைச்சதும் அது ஒட்டி வராத ஆப்ஷனை எல்லாம் அடிச்சுடுங்க, பல தடவை ஒண்ணோ ரெண்டோதான் மிஞ்சும். பேங்க்ல ஒரே செட்டை வச்சு முதல் வாக்கியம் எது, மூணாவது எது, கடைசி எதுன்னு தொடர்ச்சியா கேட்கிறது உண்டு, தப்பா அடுக்கினா மொத்தமா போகும், ஒவ்வொரு தப்புக்கும் கால் மார்க் கழிப்பாங்க. அங்க ஆறுல நாலு கட்டியாகி ரெண்டு மட்டும் இடம் தெரியாம இருந்தா, உறுதியான இடத்துக்கு மட்டும் பதில் போட்டுட்டு மிச்சத்தை விட்டுடுங்க. எம்பிஏ சேர எழுதுற கேட் எக்ஸாம்ல ஆப்ஷனே இல்லாம வரிசையை டைப் பண்ற மாதிரி வரும், ஆனா அந்த வகைக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால ரெண்டு வரிசை மிஞ்சினாலும் ஒண்ணைப் போட்டுட்டு வரணும்.

ப்ராக்டிஸுக்கு நான் பண்ணது, இங்கிலீஷ் பேப்பர் எடிட்டோரியல்ல ஒரு பாராவை எடுத்து, வாக்கியத்துக்கு ஒண்ணா துண்டுச் சீட்டுல எழுதி, கலைச்சு வச்சுட்டு, பாரா மறந்துபோற அளவுக்கு சில நாள் விட்டு அடுக்குறது. அடுக்கும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவுல எந்த வார்த்தையால ஒட்டினேன்னு எழுதணும். "படிக்க நல்லாருக்கு"ன்னு மட்டும் எழுதத் தோணுச்சுன்னா, விடை சரியா வந்தாலும் அந்த ஜோடி கணக்குல இல்ல. சில பாராவுல அப்படி எந்த வார்த்தையுமே இல்லாம வெறும் கருத்து ஓட்டத்துல போகும், கேட்ல அது அதிகம். அங்க பொதுவான கருத்து முன்னாடி, அதை விளக்குற தனி விஷயம் பின்னாடின்னு பார்த்து அடுக்கலாம், ஆனா அதுக்கு உறுதி கம்மி. ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு ஜோடிகூட ஒட்டலன்னா அடுத்த கேள்விக்குப் போயிடுங்க.