ஓரப் பாதை யாருக்கு?

பெப்ரவரி 17

இல்ல விளையாட்டுப் போட்டியன்று, இறுதி ஓட்டங்களுக்கு முன்னால் ஐந்து நிமிடம் மைக்கில் பேசச் சொல்லியிருக்கிறார் அதிபர். ஹீட்ஸ் என்கிற தகுதிச் சுற்று ஓட்டங்களை வைத்து யாருக்கு எந்தப் பாதை கொடுக்கிறோம், இடங்களை எப்படித் தீர்மானிக்கிறோம் என்று பெற்றோருக்கு விளங்கப்படுத்த வேண்டும். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்து வெயிலில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் விதிப் புத்தகத்தை வாசித்துக் காட்டக் கூடாது. ஒரே ஒரு ஓட்டத்தை எடுத்துச் சொல்வேன். வியாழக்கிழமை ஹீட்ஸ் முடியட்டும், அதிலிருந்தே ஒன்று கிடைக்கும்.

பெப்ரவரி 19

கிடைத்துவிட்டது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள், 100 மீற்றர். மூன்று ஹீட்ஸ். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேர் நேரடியாக இறுதிக்கு வருவார்கள். மற்றவர்களில் நேரம் குறைந்த இருவரையும் சேர்த்தால் எட்டுப் பேர்.

முதல் ஹீட்டில் 13.6, 13.8, 13.9, 14.3. இரண்டாவதில் 14.2, 14.4, 14.6. மூன்றாவதில் 13.7, 14.0, 14.1, 14.5. நேரத்துக்காக உள்ளே வந்தவை 13.9, 14.1. முதல் ஹீட்டில் நான்காவதாக வந்த பிள்ளை 14.3 ஓடியும் வெளியே. இரண்டாவது ஹீட்டில் 14.4 ஓடியவள் உள்ளே. வெளியே போன பிள்ளையின் அம்மா கேட்கத்தான் போகிறார்.

நேரம் எடுத்த மூவரில் ஒருவர் மற்ற இருவரையும்விட கிட்டத்தட்ட 0.3 செக்கன் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார். எதனால் என்று உடனே தெரிந்தது. துப்பாக்கியின் புகையைப் பார்க்காமல், சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்துகிறார். நூறு மீற்றர் தூரத்துக்குச் சத்தம் வந்து சேர அவ்வளவு நேரம் எடுக்கும். மூன்று கடிகாரங்களில் இரண்டு ஒத்துப்போனால் அந்த இரண்டையும்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் யாருக்கும் பாதகமில்லை. கடிகாரத்தில் 13.82 என்று இருந்தாலும் 13.9 என்றுதான் எழுதுவோம். கையால் எடுக்கும் நேரத்தைக் கீழே இறக்க முடியாது, மேலே உள்ள பத்திலொன்றுக்குத்தான் ஏற்ற வேண்டும்.

பெப்ரவரி 20

இரவு பேச்சை எழுதினேன். முக்கியமான பகுதி இது:

"பாதை ஒதுக்கும்போது முதலில் பார்ப்பது நேரத்தை அல்ல, ஹீட்டில் பிடித்த இடத்தை. ஹீட்டில் முதலாவதாக வந்த மூவரும் முன்னுக்கு: 13.6, 13.7, 14.2. அடுத்து, இரண்டாவதாக வந்தவர்கள்: 13.8, 14.0, 14.4. நேரத்துக்காக வந்த 13.9, 14.1 இரண்டும் கடைசியில். இந்த வரிசையில் முதல் நால்வரும் 3, 4, 5, 6ஆம் பாதைகளுக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். அடுத்த இருவருக்கு 2, 7. கடைசி இருவருக்கு 1, 8. அதனால்தான் 14.2 ஓடிய பிள்ளை நடுவில் நிற்கிறாள், 13.9 ஓடிய பிள்ளை ஓரத்தில் நிற்கிறாள்."

ஏன் இப்படி என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு ஹீட்டின் நேரத்தை இன்னொன்றோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஒன்றில் காற்று முதுகுப் பக்கமாக வீசும், மற்றதில் முகத்தில் அடிக்கும். தனக்கு முதலிடம் நிச்சயம் என்று தெரிந்தவள் கடைசிப் பத்து மீற்றரில் வேகத்தைக் குறைப்பாள். ஆனால் பக்கத்தில் ஓடியவளை முந்தினாளா இல்லையா என்பதில் சந்தேகமே இல்லை. இதை நான் முழு மனதோடு சரி என்று நினைக்கிறேன்.

பெப்ரவரி 21

சுகததாச விளையாட்டரங்கு. காலையிலேயே கொதிக்கிற வெயில். பேச்சை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டேன். இறுதி இடங்களைப் பற்றி இரண்டே விஷயம் சொன்னேன்: ஹீட் நேரம் இனிக் கணக்கில் இல்லை, இறுதி ஓட்டத்தில் வருகிற இடம்தான் இடம். முடிவுக் கோட்டுக்கு யார் முதலில் வந்தார் என்று பார்ப்பது நெஞ்சும் வயிறும் உள்ள உடற்பகுதியை வைத்துத்தான். தலையையோ கையையோ காலையோ வைத்து அல்ல.

13.9 ஓடிய பிள்ளை 8ஆம் பாதையிலிருந்து மூன்றாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரே நேரம், 13.8. நடுவர் கண்ணுக்கு இவள் நெஞ்சு பின்னால் இருந்தது. நேரம் சமன் என்பதற்காக இடத்தைப் பங்கு போடுவதில்லை. அவளுடைய அப்பா பதிவுத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி டீச்சர், இப்ப விளங்குது" என்றார்.

14.3 பிள்ளையின் அம்மாவும் வந்தார். அவருக்கு நான் கொடுத்த பதில் எனக்கே போதவில்லை. வேகமான பிள்ளைகள் பலர் ஒரே ஹீட்டில் விழுந்தது சீட்டுக் குலுக்கியதால்தான். அடுத்த வருடம் பயிற்சி நேரங்களை முன்கூட்டியே எடுத்து, வேகமான முதல் மூவரை ஹீட்டுக்கு ஒருவராக ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு, அடுத்த மூவரை மூன்று, இரண்டு, ஒன்று என்று திருப்பிப் போட வேண்டும். திங்கட்கிழமை கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன்.