டாக்டர் சீட்டு இருந்தும் பெயில் ஆக இருந்த கதை

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். வியாழன் காலை 9 மணிக்குத் தேர்வு. அன்று விடியற்காலை 3 மணிக்குச் சிறுநீரகக் கல் வலி தாங்காமல் அவசர சிகிச்சைப் பிரிவில் சுருண்டு கிடந்தேன். ஊசி, ஸ்கேன் எல்லாம் முடிந்து வீடு திரும்பியது மதியம்.

வெள்ளிக்கிழமை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். வியாழக்கிழமையிலிருந்தே கணக்கு வைத்து விடுப்புச் சான்று கொடுத்தார். அதைத் தேர்வு அலுவலகத்துக்கு, ஜெர்மனில் ப்ரூஃபுங்ஸம்ட், மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் தப்பு.

திங்கள் காலை பதில் வந்தது: சான்று செல்லாது. அப்படியே விட்டால் தேர்வில் பெயில். போன் செய்தபோதுதான் காரணம் புரிந்தது. நான் கொடுத்தது வேலைக்குப் போக முடியாது என்பதற்கான சீட்டு. தேர்வு எழுத முடியாத நிலையா என்று முடிவு செய்வது டாக்டர் அல்ல, தேர்வுக் குழு. அதனால் பல்கலைக்கழகத்தின் சொந்தப் படிவத்தில், என்ன தொந்தரவு, அது எழுதுவதை எப்படித் தடுத்தது என்று டாக்டர் எழுத வேண்டும். நோயின் பெயர்கூட அவசியமில்லை. அதோடு, தேர்வு நாளன்றே பார்த்த டாக்டராக இருக்க வேண்டும். பின்தேதியிட்ட சீட்டை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கெடு மூன்று வேலைநாள், அதாவது மறுநாள் செவ்வாய். "படிவம் இணையதளத்தில் இருக்கிறதே" என்றார் அந்த அம்மா. இருந்தது, நாலைந்து பக்கம் தோண்டிய பிறகு.

மருத்துவமனைக்கு ஓடினேன். மூன்று மணி நேரம் காத்திருப்பு. என்னைப் பார்த்த டாக்டருக்கு அன்று விடுமுறை. வேறொருவர் "தேர்வு எழுத இயலாது" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். அந்த வரியைத்தான் குழு ஏற்காது என்று என் அரைகுறை ஜெர்மனில் கெஞ்சினேன். நல்லவேளை, டிஸ்சார்ஜ் கடிதம் கையில் இருந்தது. அதில் நான் வந்த நேரம், போட்ட ஊசி எல்லாம் பதிவாகியிருந்தன. அதைப் பார்த்து, விட்டுவிட்டு வரும் கடும் வலி, வாந்தி, உட்கார முடியாமை, வலி மருந்தால் மயக்கம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். டிராமில் ஏறிய பிறகு பார்க்கிறேன், முத்திரை இல்லை! இறங்கித் திரும்பிப் போனேன்.

செவ்வாய் காலை நேரில் கொடுத்து, என் நகலில் பெற்றுக்கொண்ட தேதி போட்டு வாங்கினேன். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: தேர்விலிருந்து விலகியது ஏற்கப்பட்டது, இந்த முயற்சி கணக்கில் வராது.

உங்களுக்கு இப்படி நடந்தால், அவசரப் பிரிவில் இருக்கும்போதே நண்பர் யாரையாவது அந்தப் படிவத்தை அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும், உங்கள் தேர்வு விதிமுறையைப் பாருங்கள். உடம்பு முடியாதது தெரிந்தே போய் உட்கார்ந்து எழுதிவிட்டால், பிறகு விலகுவது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம், எங்கள் துறையில் அடுத்த தேர்வுக்குத் தானாகப் பெயர் சேராது. பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் எனக்கே அது தெரிந்தது.