சிறு பதிப்பகத்தில் ஒரு பணி மேலாண்மைக் கருவி: கண்காட்சிக்கு முன் பட்ட பாடு

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு முந்தைய மாதங்களில், ஏழு பேர் மட்டுமே உள்ள எங்கள் பதிப்பகத்தில் பதினைந்து நூல்கள் வரை ஒரே சமயத்தில் வெவ்வேறு நிலைகளில் இருக்கும். தட்டச்சு, முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை என ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருக்க, எல்லாப் பேச்சும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் நடந்துகொண்டிருந்தது. ஒரு நூலுக்கு `final_new2.pdf` இருக்க, குழுவில் மேலே கிடந்த `final_new.pdf` கோப்பை எடுத்து அச்சகத்தார் பிளேட் போட்டுவிட்ட பிறகுதான், இதற்கென்று ஒரு கருவி வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் வந்தது ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. (பெயர் வேண்டாம்; இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறார்.) "மேடம், எல்லாம் நாங்களே செட் பண்ணிக் கொடுத்துடுவோம்" என்று சொல்லி, மென்பொருள் நிறுவனங்களுக்கான வார்ப்புரு ஒன்றை அப்படியே எங்களுக்கு மாட்டிவிட்டார். ஒவ்வொரு பணிக்கும் முன்னுரிமை, துறை, மதிப்பிட்ட மணிநேரம் ஆகிய மூன்றையும் நிரப்பினால்தான் சேமிக்க முடியும். முந்நூறு பக்க நாவலின் மெய்ப்புக்கு எத்தனை மணிநேரம் ஆகும் என்பது, எழுத்தாளர் ஒற்றுப்பிழை விடுபவரா இல்லையா என்பதைப் பொறுத்தது. அதை முன்கூட்டி யார் சொல்வது? இரண்டாம் வாரத்தில் பார்த்தால் எல்லாப் பணிகளிலும் மணிநேரம் "1", முன்னுரிமை "நடுத்தரம்". ஒரு புலத்தில் எல்லோரும் ஒரே மதிப்பை நிரப்பத் தொடங்கினால், அந்தப் புலத்தை யாரும் நம்பவில்லை என்று பொருள். அதை உடனே நீக்கச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டபோது, கட்டாயப் புலங்களை மாற்றும் வசதி அடுத்த விலைத்திட்டத்தில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை மின்னஞ்சல். எங்கள் எக்செல் பட்டியலை அவர்கள் பொறுப்பாளர் பெயர்களோடு ஏற்றியதால், ஒவ்வொரு வரிக்கும் ஒரு அறிவிப்பு அந்தந்த ஆளுக்குப் போயிற்று. பிறகு தேதியைத் திருத்தியபோது இன்னொரு சுற்று. வடிவமைப்பாளர் அக்காவின் அஞ்சல் பெட்டியில் அந்த வெள்ளத்துக்கு அடியில், எழுத்தாளர் அனுப்பிய முன்னுரைத் திருத்தம் புதைந்துபோனது. "எனக்கு அந்த ஆப்பே வேண்டாம்மா, நீ வாய்ல சொல்லு போதும்" என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. எந்தக் கருவியாயினும், பட்டியலை முதலில் பொறுப்பாளர் பெயரின்றி ஏற்றி, அறிவிப்பு அமைப்புகளைச் சரிசெய்த பிறகு பெயர்களைச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

விலையிலும் ஒரு கண்ணி இருந்தது. ஐந்து ஐந்து இருக்கைகளாகத்தான் விற்பார்களாம். ஏழு பேருக்குப் பத்து இருக்கையின் பணம் கட்ட வேண்டும். மறுத்தபோது சோதனைக் காலம் முடிந்து எல்லாம் வெறும் பார்வைக்கு மட்டும் என்றாயிற்று, தரவை வெளியே எடுப்பதோ பணம் கட்டியவர்களுக்கு மட்டும். ஒரு பிற்பகல் முழுவதும் திரையைப் பார்த்துக் கையால் எழுதி எடுத்தோம். சோதனை தொடங்கும் அன்றே, இரண்டு போலிப் பணிகளை உருவாக்கி அவற்றை வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். முடியவில்லையென்றால் அதோடு விட்டுவிடலாம்.

அடுத்த முறை விளக்கக் காட்சிகளைப் பார்க்கவில்லை, தமிழில் சோதித்தோம். எங்கள் பக்க வடிவமைப்பில் பழைய நூல்கள் பல இன்னும் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் இருப்பதால், அவற்றிலிருந்து தலைப்பை வெட்டி ஒட்டினால் எந்தக் கருவியிலும் ஆங்கிலக் குப்பையாகவே தெரியும். எனவே கருவியில் எழுதுவதெல்லாம் ஒருங்குறியில் புதிதாகத் தட்டியதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். பிறகு தேடல். "புத்தகத்தின்" என்று உள்ள குறிப்பை "புத்தகம்" என்று தேடினால் பெரும்பாலும் அகப்படாது, ஏனெனில் வேற்றுமை ஏறும்போது சொல்லின் ஈறே மாறிவிடுகிறது. அதனால் நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு எண்ணைத் தலைப்பின் முன்னால் வைத்தோம். இப்போது எல்லோரும் தேடுவது அந்த எண்ணைத்தான்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது ட்ரெல்லோவின் இலவசத் திட்டம். ஒரு பணியிடத்தில் 10 பேர் வரை சேரலாம் என்பது எங்களுக்குப் போதும்; எழுத்தாளர்களை உள்ளே அழைக்காமலிருக்க அந்த வரம்பே நல்ல சாக்காகவும் அமைந்தது. பதிவு செய்வதும் செயலியை நிறுவுவதும் சிரமமின்றி முடிந்தன.

போர்டை அமைக்கும்போது நான் பிடிவாதமாக இருந்தது பட்டியல்களின் எண்ணிக்கையில்தான். தட்டச்சு முதல் அச்சு வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பட்டியல் வேண்டும் என்று முதலாளி சொன்னார். ஆனால் அலுவலகத்தில் நாள் முழுவதும் கேட்கப்படுவது "எந்தக் கட்டம்?" என்பதன்று, "இப்போது யாரிடம் இருக்கிறது?" என்பதே. ஆகவே வரிசையில், நம் கையில், எழுத்தாளரிடம், அச்சகத்தில் என்று நான்கே பட்டியல்கள். நூலுக்கு ஒரு கார்டு, ஒரு கார்டில் ஒரே ஒரு பொறுப்பாளர் பெயர். கட்டம் என்னவென்பது கார்டின் தலைப்பிலேயே இருக்கும். "37 – சிறுகதைகள் – இரண்டாம் மெய்ப்பு" என்று பார்த்தாலே தெரிந்துவிடும். சில வாரங்களில், "எழுத்தாளரிடம்" என்ற பட்டியல்தான் மிக நீளமானது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தாமதத்துக்கெல்லாம் வடிவமைப்பாளர் அக்காவையே குறைசொல்லிவந்த முதலாளி, அதைப் பார்த்தபின் அக்காவை விட்டுவிட்டு எழுத்தாளர்களுக்குத் தொலைபேசி செய்யத் தொடங்கினார். இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பிடித்த வெற்றி அதுதான்.

எல்லா நூல்களையும் ஒரேயடியாக ஏற்றவில்லை. நடந்துகொண்டிருந்த ஒரே நூலை மட்டும் போட்டு, அது அச்சகம் போய்ச் சேர்ந்த பிறகு மற்றவற்றைச் சேர்த்தோம். முடிந்துபோன பழைய நூல்களைச் சேர்க்கவே இல்லை. மின்னஞ்சல் அறிவிப்பை ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில்தான் நிறுத்த முடியும் என்பதால், ஒவ்வொருவர் மேசையிலும் உட்கார்ந்து அதை நிறுத்திக் கொடுத்தேன். வாட்ஸ்அப்பைத் தடை செய்யவில்லை. கோப்பின் இறுதி வடிவமும் தேதியும் மட்டும் கார்டில்தான் இருக்கும். குழுவில் யாராவது அதைக் கேட்டால் கார்டின் சுட்டியே பதிலாகப் போகும், அவ்வளவுதான்.

மெய்ப்புத் திருத்தும் ஐயா எழுபதைக் கடந்தவர். தாளில் சிவப்பு மையால்தான் திருத்துவார். "எனக்கு இதெல்லாம் ஏன் தம்பி?" என்று கணினி பார்க்கும் பையனிடம் கேட்டார். அவருக்குக் கணக்கே தொடங்கவில்லை. அவரிடமிருந்து தாள்கட்டை வாங்குபவர் எவரோ, அவரே கார்டை நகர்த்த வேண்டும் என்று விதி வைத்தோம். ஒருவரை வற்புறுத்திச் சேர்த்து, அவர் பெயரில் பொய்யான நிலவரம் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, பைண்டிங்குக்கு எப்போது போக வேண்டும், அதற்கு அட்டை எப்போது முடிய வேண்டும் என்று கணக்கிடுவதற்கு இந்தப் போர்டு உதவாது. ஒரு தேதி தள்ளினால் மற்றவை தாமாகத் தள்ளாது. அந்தக் கணக்குக்கு மட்டும் ஓர் எக்செல் தாள் வைத்திருக்கிறோம், அதை நான் ஒருத்திதான் தொடுவேன். மாதப் பிறப்பில் போர்டின் மெனுவுக்குள் போய் முழுவதையும் ஜேசான் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வதும் என் வேலை. முதல் கருவியிடம் பட்ட பிறகு அதை ஒரு மாதம்கூட விட்டதில்லை.