25-இல் ஒரு பட்டை

ஜனவரி 7
ஈ.கோலையில் வளர்த்து நிக்கல் ரெசினில் பிரித்த புரதத்தை ஜெல்லில் ஓட்டினேன். மறுபடியும் அதே பட்டை. நம் புரதம் 42 கிலோடால்டனில் தடிப்பாக நிற்கிறது. கீழே 25-க்குப் பக்கத்தில் மெல்லியதாக இன்னொன்று. ரெசினில் ஒட்டியதைக் கழற்றும் இமிடசோலை 20 மில்லிமோலாரில் எடுத்துக் கழுவியும் போகவில்லை.

ஜனவரி 8
விடிய நல்ல குளிர், பனிமூட்டம். ஜெல்லுக்கான சோப்புக் கரைசல், எஸ்.டி.எஸ்., போத்தலின் அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால் ஜெல்லில் எஸ்.டி.எஸ். குறைந்துவிடும், பட்டைகள் இழுபடும். 37 பாகை நீரில் வைத்து, முழுக்கக் கரைந்த பிறகே எடுத்தேன். அக்ரிலமைடு கரைசலும் சில்லென்றிருந்ததால் ஜெல் இறுக வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. ஜெல்லை இறுக வைக்கும் டெமெட்டைக் கூட்டிவிடத் தோன்றும். கூடாது, கரைசலை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தாலே போதும்.

ஜனவரி 10
அந்தப் பட்டை நம் புரதம் உடைந்த துண்டா, ஈ.கோலையின் சொந்தப் புரதமா? இரவெல்லாம் இதே நினைப்பு. நம் மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட் கொண்ட அதே செல்களை உடைத்து, அதே ரெசினில் அப்படியே ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜனவரி 12
வெறும் செல்லிலும் 25-இல் பட்டை! அப்படியானால் துண்டு இல்லை. அனேகமாக ஈ.கோலையின் சொந்தப் புரதமான ஸ்லைடி. அதன் வாலில் ஹிஸ்டிடின்கள் நெருங்கி நிற்பதால், நம் புரதத்தில் சேர்த்ததுபோல ஹிஸ்டிடின் ஒட்டு எதுவும் இல்லாமலே ரெசினின் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும்.

தப்பு ரெசின் அளவில். ஒரு லீட்டர் வளர்ப்பிலிருந்து கிடைத்தது 3 மில்லிகிராம் புரதம். நான் போட்டதோ 4 மில்லிலீட்டர் ரெசின். மில்லிலீட்டருக்கு 5 மில்லிகிராம் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 20 மில்லிகிராமுக்கு இடம் இருக்கிறது. காலியாகக் கிடக்கும் நிக்கலில் ஸ்லைடி வந்து உட்காராமல் என்ன செய்யும்? இடம் குறைந்தால் ஆறு ஹிஸ்டிடின் ஒட்டுள்ள நம் புரதம் அதைத் தள்ளிவிடும்.

ஜனவரி 14
பொங்கல். ஆய்வகம் பூட்டு. செல் உருண்டை மைனஸ் 80-இல் பத்திரமாக இருக்க வேண்டும், கரண்ட் போகக் கூடாது.

ஜனவரி 15
ரெசின் 0.6 மில்லிலீட்டர். பிணைக்கும்போதே 20 மில்லிமோலார் இமிடசோல், கழுவ 40 மில்லிமோலாரில் 12 மில்லிலீட்டர், இறக்க 250. ஒட்டாமல் வழிந்ததையும் ஜெல்லில் போட்டேன். அதில் 42 கொஞ்சம் தெரிகிறது. ரெசின் நிரம்பிவிட்டது என்று அர்த்தம், அந்த இழப்பைத் தாங்கலாம்.

இறக்கியதில் 2 மைக்ரோகிராம் போட்ட வரிசை பளிச்சென்று சுத்தம். 10 போட்ட வரிசையில் 25-இல் நிழல்போல ஒரு கோடு. நூற்றில் ஒரு பங்கு மாசு என்றால் முதல் வரிசையில் அது 20 நானோகிராம்தான், கூமாசிச் சாயத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். இரண்டாவதில் 100, தெரியும். அதனால் இனி இரண்டு அளவும் போடாமல் சுத்தம் என்று எழுதப்போவதில்லை. அப்போதும் 42-இலேயே ஓடும் வேறொரு புரதம் அந்தத் தடித்த பட்டைக்குள் ஒளிந்திருந்தால் இந்த ஜெல் காட்டாது.

ஜனவரி 16
மாலை 6.10. கழுவலை 60-க்கு உயர்த்தியிருக்கிறேன். நம் புரதமும் சேர்ந்து கழன்று வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு மில்லிலீட்டரையும் தனித்தனிக் குழாயில் பிடிக்கிறேன். ஏழாவது குழாய் நிரம்புகிறது.