இருப்பாய்வு சரியாக வந்தது, விடை தப்பு

பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் கணக்குப்பதிவியலுக்கு 90-க்கு 41 வாங்கினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போதுகூட எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிய கணக்கில், எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் எதிரெதிரே கூட்டிப் பார்க்கும் இருப்பாய்வின் இரண்டு பக்கமும் சமமாக வந்திருந்ததால், அந்தக் கணக்கு முழுவதும் சரி என்றே நினைத்துக்கொண்டு எழுந்து வந்திருந்தேன். விடைத்தாள் கைக்கு வந்தபோது அதில் பாதிக்கு மேல் சிவப்புக் கோடு.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. சாயங்காலம் சார் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். சார் என் விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தப்பு நாலு இடத்துல இல்லட்டி, ஒரே இடத்துலதான். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால வந்தது" என்றார். அந்த ஒரு இடத்தைத் தேடப்போய்தான் நான் திருப்புதலுக்கு ஒரு படிவம் போட ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அதைத்தான் வைத்திருந்தேன். அதிலுள்ள முதல் பக்கத்தை மட்டும் இங்கே முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே கடனாளியின் கணக்கில் இத்தனை கண்ணி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

தேர்வில் வந்த நடவடிக்கைகளில் முருகன் என்பவர் சம்பந்தப்பட்டவை இவை:

ஜூன் 2: முருகனுக்குப் பட்டியல் விலை ரூ.20,000 உள்ள சரக்கை 10% வியாபாரத் தள்ளுபடியில் கடனுக்கு விற்றது.
ஜூன் 6: முருகன் திருப்பிய சரக்கு, பட்டியல் விலை ரூ.2,000.
ஜூன் 12: முருகன் தர வேண்டியதில் ரூ.8,000-ஐ முழுவதும் தீர்க்க, ரூ.7,840 ரொக்கம் பெற்றது.
ஜூன் 30: முருகன் நொடித்துப்போனார். மீதிக்கு ரூபாய்க்கு 40 காசு மட்டும் ரொக்கமாகப் பெற்றது.

முதல் நடவடிக்கையை ஒழுங்காகத்தான் எழுதினேன். வியாபாரத் தள்ளுபடிக்கு ஏட்டில் இடமே கிடையாது. 20,000-ல் 2,000 கழித்து, 18,000-க்கு முருகன் கணக்கில் பற்று, விற்பனைக் கணக்கில் வரவு, அவ்வளவுதான். இரண்டாவதில் சறுக்கினேன். திருப்பிய சரக்கு 2,000 என்று கேள்வியில் இருக்கிறது, நானும் விற்பனைத் திருப்பக் கணக்கில் 2,000 பற்று, முருகன் கணக்கில் 2,000 வரவு என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்தச் சரக்கை நாம் 2,000-க்கு விற்கவே இல்லையே. பட்டியல் விலையில் பத்து சதவீதம் குறைத்து 1,800-க்குத்தான் கொடுத்தோம். திரும்பி வரும்போதும் அது 1,800-க்குத்தான் வரும்.

இதன்பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். 18,000-ல் 2,000 போய், 8,000 தீர்ந்து, முருகன் தர வேண்டியது 8,000 என்று நின்றது. ரூபாய்க்கு 40 காசு என்றால் 3,200 ரொக்கம், 4,800 வாராக்கடன். எல்லாம் முழு எண்ணாக, அழகாக வந்தது. உண்மையான மீதி 8,200. வந்திருக்க வேண்டிய ரொக்கம் 3,280, வாராக்கடன் 4,920.

சரி, இருப்பாய்வு ஏன் என்னைப் பிடிக்கவில்லை? முருகன் சம்பந்தப்பட்ட கணக்குகளை மட்டும் எடுத்து நான் எழுதியபடி கூட்டிப் பாருங்கள். ரொக்கம் 11,040, அளித்த தள்ளுபடி 160, விற்பனைத் திருப்பம் 2,000, வாராக்கடன் 4,800. மொத்தப் பற்று 18,000. விற்பனையின் வரவு 18,000. சரியான விடைப்படி ரொக்கம் 11,120, தள்ளுபடி 160, திருப்பம் 1,800, வாராக்கடன் 4,920. அதுவும் 18,000. தப்பான தொகையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதினால் இருப்பாய்வு வாயே திறக்காது. ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் விட்டாலோ, இரண்டு பக்கமும் வேறு வேறு தொகை போட்டாலோ அது காட்டிக்கொடுக்கும். சார் சொன்ன அந்த ஒரே இடம் இந்த 2,000-தான்.

அன்றைக்கு ராத்திரியே ஒரு நீளநோட்டை எடுத்தேன். முதலில் செய்தது வீண்வேலை. வகுப்பில் போட்ட கணக்குகளையெல்லாம் விடையோடு அழகாகப் பிரதி எடுத்தேன், பத்து நாள் போயிற்று. சார் அதிலிருந்தே ஒரு கணக்கை எண் மாற்றிக் கொடுத்தார், மறுபடி அதே இடத்தில் விழுந்தேன். விடையைப் பார்த்து எழுதும்போது கை மட்டும்தான் ஓடியிருக்கிறது. அதன்பிறகுதான் பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டேன்: கேள்வியில் இருந்த வார்த்தை, நான் எழுதியது, எழுத வேண்டியது, தப்பை எதை வைத்துக் கண்டுபிடிப்பது. அதற்குக் கீழே முருகன் கணக்குக்கு வெறும் பேரேடு, இரண்டு பக்கமும் கணக்கின் பெயர்கள் மட்டும், தொகைக்கு இடம் காலி. ஒவ்வொரு வாரமும் வகுப்பில் வரும் புதுக் கணக்கின் எண்களை அந்தக் காலி இடத்தில் பென்சிலால் நிரப்பி, பார்த்து, அழித்துவிடுவேன்.

நிரப்பிய பேரேடு இப்படி இருக்கும்.

முருகன் கணக்கு, பற்றுப் பக்கம்:
ஜூன் 2, விற்பனை க/கு: 18,000

வரவுப் பக்கம்:
ஜூன் 6, விற்பனைத் திருப்ப க/கு: 1,800
ஜூன் 12, ரொக்க க/கு: 7,840
ஜூன் 12, அளித்த தள்ளுபடி க/கு: 160
ஜூன் 30, ரொக்க க/கு: 3,280
ஜூன் 30, வாராக்கடன் க/கு: 4,920

இரண்டு பக்கமும் 18,000, இருப்பு எதுவும் இல்லை. நொடித்துப்போனவரின் கணக்கு இப்படி முடிந்தே ஆக வேண்டும். ஏதாவது மீந்து நின்றால், நடவடிக்கைகளை முதலில் எழுதிய குறிப்பேட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

நான்காவது பத்திதான் எனக்கு அதிகம் உதவியது. திருப்பத்துக்கு அதில் எழுதியிருந்தது இது: திரும்பிய சரக்கு பட்டியல் விலையில் பத்தில் ஒரு பங்கு, அப்படியானால் முருகன் கணக்கில் பற்று வைத்த 18,000-லும் பத்தில் ஒரு பங்குதான் குறைய வேண்டும். பங்கு ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு விலை கழிக்காமல் நிற்கிறது. கேள்வியைப் படிக்கும்போதே ஒவ்வொரு தொகைக்கும் மேலே 'பட்டியல்' அல்லது 'விற்ற விலை' என்று பென்சிலால் குறிக்கும் பழக்கமும் அப்போது வந்தது. சில கேள்விகளில் திருப்பிய சரக்குக்கு நிகர மதிப்பையே கொடுத்துவிடுவார்கள். அங்கே மறுபடி கழித்தால் அதுவும் தப்பு.

ஜூன் 12-ல் இன்னொரு கண்ணி. அதில் நான் வேறொரு நாள் விழுந்தேன், அதுவும் இந்தப் படிவத்தாலேயே. படிவத்தில் தள்ளுபடிக்கு ஒரு வரி தயாராக இருந்ததால், 8,000 தர வேண்டியவர் 7,840 கொடுத்தார் என்று பார்த்ததும் கை தானாக 160-ஐத் தள்ளுபடியில் போட்டுவிட்டது. அந்தக் கேள்வியில் 'முழுவதும் தீர்க்க' என்ற வார்த்தை இல்லை. அந்த வார்த்தையோ, தள்ளுபடி என்ற பேச்சோ இல்லாவிட்டால் 160 இன்னும் அவர் தர வேண்டிய கடன்தான், முருகன் கணக்கில் பற்று இருப்பாக நிற்கும். அதனால் படிவத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'தீர்க்க?' என்று எழுதி, அந்தக் கேள்விக்குப் பதில் பார்க்காமல் அந்த வரியைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். பேரேட்டில் எடுத்தெழுதும்போதும் இதே இடத்தில் கவனம் வேண்டும். முருகன் கணக்கில் மொத்தம் 8,000 குறைகிறது, ஆனால் ரொக்கக் கணக்கில் ஏறுவது 7,840 மட்டும்.

அடுத்த கண்ணி எனக்குப் புரிந்தது சித்தப்பாவின் அப்பளக் கடையில். வெளியூர்க் கடைகளுக்கு அவர் கடனுக்கு அப்பளம் போடுவார். ஒவ்வொரு கடைக்கும் தடித்த நோட்டில் ஒரு பக்கம். கடையை மூடிவிட்டுப் போன ஒருவர் பாக்கியை, இனி வராது என்று முந்தின வருஷமே நஷ்டத்தில் எழுதி அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்திருந்தார். அந்த மனிதர் ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலிக்கு வந்தவர், அப்படியே ஊருக்கும் வந்து ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வகுப்பிலும் அதே மாதிரி ஒரு நடவடிக்கை இருந்தது: முன்பு வாராக்கடனாகப் போக்கெழுதியதில் ரூ.1,000 முருகனிடமிருந்து பெற்றது. நான் முருகன் கணக்கில் வரவு வைத்திருந்தேன். சித்தப்பா அந்த ஆயிரத்தை அந்தப் பழைய பக்கத்தில் எழுதாமல் வேறு இடத்தில் எழுதுவதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன்.

"போன வருசமே நட்டம்னு எழுதி அவன் பக்கத்த முடிச்சாச்சுலா. இப்ப அவன் பேர்ல வரவு வச்சா, நாம அவனுக்கு ஆயிரம் ரூவா குடுக்கணும்னுலா ஆயிரும்" என்றார்.

அதேதான். பற்று ரொக்கத்துக்கு, வரவு வாராக்கடன் வசூலித்தது என்ற கணக்குக்கு. இந்த வருஷ லாபத்தில் சேரும் வருமானம் அது. நான் எழுதியபடி விட்டால், முடிந்துபோன முருகன் கணக்கில் 1,000 வரவு இருப்பு நிற்கும். முன்பணமோ அதிகப்படியாகக் கொடுத்ததோ இல்லாமல் ஒரு கடனாளியின் பெயரில் வரவு இருப்பு நின்றால் அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று நான்காவது பத்தியில் எழுதினேன். இதையும் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது, பற்றும் வரவும் ஆயிரம் ஆயிரமாகச் சமமாகத்தான் இருக்கும்.

அரையாண்டு வந்தது டிசம்பரில். மழை விடாமல் பெய்த வாரம் அது. நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். கேள்வியில் முருகனுக்குப் பதில் வேறு பெயர், வேறு எண்கள், ஆனால் திருப்பத்துக்கு எதிரே 'பட்டியல் விலை' என்று அப்படியே இருந்தது. இந்தத் தடவை 90-க்கு 74.

நோட்டு இப்போது சித்தப்பா மகளிடம் இருக்கிறது. அவள் இந்த வருஷம் பிளஸ் ஒன். போன வாரம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "யக்கா, இதுல ஒண்ண வுட்டுட்ட" என்றாள். முருகன் அந்த 7,840-ஐக் காசோலையாகக் கொடுத்து, நாம் அதை வங்கியில் செலுத்தி, அது மறுக்கப்பட்டுத் திரும்பினால் என்ன எழுதுவது என்று அவள் வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் முருகன் கணக்கில் 7,840 பற்று, வங்கிக் கணக்கில் 7,840 வரவு என்று நிறுத்திவிட்டார்களாம். பணமே வரவில்லை என்றால் தள்ளுபடியும் செல்லாது. முருகன் கணக்கில் 8,000 பற்று, வங்கியில் 7,840 வரவு, அளித்த தள்ளுபடியில் 160 வரவு. அதை அவளே அவள் கையெழுத்தில், சிவப்பு மையில், 'தீர்க்க?' என்ற வரிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறாள்.