ஐவிஎஃப் பாசிட்டிவ் வந்த பிறகு முதல் பன்னிரண்டு வாரம்: தேதிக் கணக்கும் ஊசியும்

பாசிட்டிவ் வரும் வரைக்கும் எல்லாரும் எழுதுகிறார்கள், அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று தேடினால் அதிகம் கிடைப்பதில்லை. அதனால் என் கதையை எழுதி வைக்கிறேன். எங்களுக்குக் காரைக்குடி பக்கம். சிகிச்சை மதுரையில், உறைய வைத்த ஐந்தாம் நாள் கரு, ஜூன் 10-ஆம் தேதி உள்ளே வைத்தார்கள்.

முதலில் ஒரு விஷயம். எனக்கு மாத்திரை கொடுத்துக் கருப்பையைத் தயார் செய்துதான் கரு வைத்தார்கள். இந்த முறையில் அந்த மாதம் முட்டை வெடிக்காது. இயற்கையாக உண்டாகும்போது முட்டை வெடித்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்று ஒன்று உருவாகி, நஞ்சுக்கொடி வேலையை எடுத்துக்கொள்ளும் வரை அதுதான் புரொஜெஸ்டிரான் சுரக்கும். என் உடம்பில் அது இல்லை, அதனால் ஹார்மோன் முழுக்க வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒரு வேளை மருந்துகூடத் தள்ளக் கூடாது என்று நர்ஸ் ஏன் அத்தனை தடவை சொன்னார் என்பது இது தெரிந்த பிறகுதான் புரிந்தது. முட்டை வெடிக்கும் மாதத்திலேயே கரு வைத்தவர்களுக்கு மருந்து குறைவாக இருக்கும், அவர்களோடு நம் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

எனக்கு எஸ்ட்ரடையால் மாத்திரை, காலையும் இரவும் உள்ளே வைக்கும் புரொஜெஸ்டிரான் மாத்திரை, தினமும் இடுப்பில் ஒரு எண்ணெய் ஊசி. ஊசி மருந்து விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும். ஊசி போட வரும் அக்கா குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கி, பெரிய ஊசியால் உறிஞ்சி, வேறு ஊசி மாற்றித்தான் போடுவார். மெதுவாகப் போட்டால்தான் வலி குறைவு. போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டுக் கொஞ்சம் நடந்தால் கட்டி அவ்வளவாக வராது, ஒரு நாள் வலப்பக்கம் ஒரு நாள் இடப்பக்கம். உள்ளே வைக்கும் மாத்திரை வெள்ளையாகக் கசியும், மருந்தெல்லாம் வெளியே போய்விட்டதோ என்று வயிறு கலங்கும். கசிவது பெரும்பாலும் மாத்திரையின் மெழுகுப் பகுதிதான் என்றார் டாக்டர், வைத்த பிறகு அரை மணி நேரம் படுத்திருந்தால் போதும்.

கரு வைத்த பதினாலாம் நாள், கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா ரத்தப் பரிசோதனை, 48 மணி நேரம் கழித்து மறுபடி ஒன்று. எண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருந்தது. வீட்டில் என் மாமியாருக்கும் ஆத்தாவுக்கும் மட்டும் சொன்னோம். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் வளவு முழுக்கத் தெரிந்த மாதிரி. கல்யாணத்துக்குப் போனால் எந்த ஆச்சியாவது கையைப் பிடித்து "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்பார், அந்தக் கேள்விக்குப் பயந்தே பல விசேஷங்களுக்கு நான் போகவில்லை.

முதல் ஸ்கேனுக்கு மதுரை போக நாள் குறித்திருந்தது. அதற்கு முன்பே ஜூலை 5 காலையில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கறை. மதுரைக்கு போன் செய்தால், வலியில்லை, சிவப்பு ரத்தம் இல்லை என்றால் பதற வேண்டாம், பக்கத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட்டை அனுப்புங்கள் என்றார்கள். பக்கத்திலேயே ஒரு சென்டரில் எடுத்தோம். கரு 5 மில்லிமீட்டர், துடிப்பு தெரிகிறது, பை கருப்பைக்குள்தான் இருக்கிறது. அதுவரை நிம்மதி. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில், கடைசி மாதவிலக்குத் தேதிப்படி 7 வாரம் 5 நாள் இருக்க வேண்டும், வளர்ச்சி பத்து நாள் பின்தங்கியிருக்கிறது, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கவும் என்று இருந்தது. கார் திருப்பத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்க நான் அழுதுகொண்டே வந்தேன், அவர் ஒன்றும் பேசாமல் ஓட்டினார்.

மதுரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐவிஎஃப்பில் மாதவிலக்குத் தேதியை எடுக்கவே கூடாது. எனக்குக் கருப்பையின் உட்சுவர் தடிக்க நாளானது, மே 12-இல் மாதவிலக்கு வந்தும் ஜூன் 10-இல்தான் கரு வைக்க முடிந்தது. ஐந்தாம் நாள் கரு என்றால் வைத்த தேதியிலிருந்து 19 நாள் பின்னே போக வேண்டும், அதாவது மே 22. அங்கிருந்து எண்ணினால் ஜூலை 5-இல் 6 வாரம் 2 நாள்தான், அதற்கு 5 மில்லிமீட்டர் சரியான அளவு. அந்தப் பத்து நாள் குழந்தையிடம் குறையவே இல்லை, காகிதத்தில்தான் குறைந்தது. பிரசவத் தேதியும் அதே கணக்கில் பிப்ரவரி 26. ஐவிஎஃப் செய்தவர்கள் எந்த ஸ்கேனுக்குப் போனாலும் "கரு வைத்த தேதி, எத்தனையாம் நாள் கரு" இந்த இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

பழுப்புக் கறை உள்ளே மாத்திரை வைப்பதாலும் வரலாம் என்றார். பேடு நனையும் அளவு சிவப்பு ரத்தம், ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றி மயக்கம், தோள்பட்டையில் வலி, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது, கரு குழாயில் தங்கியிருந்தாலும் அப்படி வரும். முதல் ஸ்கேனில் பை கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

கறை நின்றது. ஆனால் பாத்ரூம் போகும்போதெல்லாம் துணியைப் பார்ப்பது நிற்கவில்லை. ராத்திரி எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஆத்தா "ஏன் விளக்கைப் போட்டா என்ன?" என்பார்கள், விளக்குப் போட்டால் மாமியார் எழுந்துவிடுவார்கள், அதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பயம் மருந்தை நிறுத்தச் சொன்னபோதுதான். பத்தாம் வாரம் முடிந்து எஸ்ட்ரடையாலைக் குறைத்து நிறுத்தினார்கள், பிறகு ஊசி, பன்னிரண்டு முடிய உள்ளே வைக்கும் மாத்திரை. நஞ்சுக்கொடி ஏழு, எட்டு வாரத்திலேயே ஹார்மோன் சுரக்க ஆரம்பித்துவிடும், இவர்கள் நிறுத்தும்போது அது தானே போதுமான அளவு சுரந்துகொண்டிருக்கும், அதற்குமேல் ஊசியால் கூடுதல் பயன் இல்லை. இது தலைக்குப் புரிகிறது, மனசுக்கு ஏறவில்லை. போதாதென்று ஊசியை நிறுத்திய நாலைந்து நாளில் மார்பு வலியும் குமட்டலும் சட்டென்று குறைந்தன. போச்சு என்று நினைத்தேன். வெளியிலிருந்து போன ஹார்மோனால் வந்த வலி, அது நின்றதும் குறைகிறது, அந்த வாரத்தில் குமட்டலும் பலருக்கு இயல்பாகவே அடங்கும் என்று டாக்டர் போனில் சொன்னார். மிச்சம் இருந்த ஊசிக் குப்பிகளைத் திருப்பிக் கொடுக்க மனசு வராமல் அலமாரியில் வைத்திருந்தேன். நாமாகவே நீட்டித்துப் போட்டுக்கொள்ளவும் கூடாது, டாக்டர் சொல்லாமல் நடுவில் விடவும் கூடாது.

ஆகஸ்ட் 18, குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் அளவைப் பார்க்கும் என்டி ஸ்கேன். 12 வாரம் 4 நாள். பெண் டாக்டர், திரையைத் திருப்பிக் காட்டினார், கை முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அளவு தேதிக்குச் சரியாக இருந்தது. கூடவே டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை, அதன் படிவத்தில் ஐவிஎஃப் என்று குறிக்க வேண்டும், வயது என்ற இடத்தில் முட்டை எடுத்த அன்றைய வயது தரப்பட வேண்டும். எனக்கு முட்டை எடுத்தது 34-இல், கரு வைத்தது 36-இல். இப்போதைய வயதைப் போட்டால் டவுன் சிண்ட்ரோம் ஆபத்து உண்மையில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், லேப் ஆள் கேட்கவே இல்லை, நாங்களே சொன்னோம்.

அதன் பிறகு காரைக்குடி டாக்டரிடமே மாறிவிட்டோம். ஆஸ்பிரின் மட்டும் இரவில் தொடர்கிறது. கார்பஸ் லூட்டியம் இல்லாமல் உண்டான கர்ப்பத்தில் பின்னாளில் பிரஷர் ஏறும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதற்காகத்தான், 36 வாரம் வரை போடச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கிவிட்டோம். 140/90 தாண்டினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ உடனே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அடுத்தது இருபதாவது வாரத்தில் அனாமலி ஸ்கேன்.